ஊசி ஓட்டைக்கு யார் கணக்கு எழுதுவது?

பனியன் கம்பெனியில் வேலை செய்கிற எல்லோருக்கும் ‘ஆல்டர்’ என்ற சொல் தெரியும். தைத்து முடித்த பீஸில் ஏதோ தவறு இருக்கிறது, திருப்பிப் பிரித்துத் தைக்க வேண்டும் என்று செக்கிங் மேசையிலிருந்து அது மறுபடி லைனுக்குப் போவதுதான் ஆல்டர். பீஸ் ரேட்டில் தைக்கிற பெண்ணுக்கு முதல் தடவை தைத்ததற்குக் கூலி உண்டு. ஆல்டர் தைப்பதற்குக் கூலி கிடையாது. அவள் செய்த தவறை அவளே சரிசெய்கிறாள் என்பது கம்பெனியின் கணக்கு.

இந்த ஏற்பாட்டில் யாரும் அதிகம் பேசாத ஒரு விளைவு இருக்கிறது. ஆல்டருக்கு ஆகிற நேரம் கம்பெனியின் எந்த ஏட்டிலும் செலவாக ஏறுவதில்லை. ஏட்டில் ஏறாத செலவைக் குறைக்க மேனேஜருக்கு அவசரம் இருக்காது. நான் அவிநாசிப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனையை எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். அந்தத் தாளில் என்ன இருந்தது, ஏன் அப்படி எழுதினோம், அது எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பதை இங்கே சொல்கிறேன். நான் சொல்லப்போகும் எண்கள் எல்லாம் எங்கள் மேசையில் நாங்களே கோடு போட்டு எண்ணியவை.

எங்களை வாட்டிய தவறு ஊசி ஓட்டை. ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டில் கழுத்துக்கு ரிப் வைத்து ஓவர்லாக் அடிக்கிற இடத்தில் அது வரும். பின்னல் துணிக்கு முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி போடுவார்கள். அந்த முனை நூலைக் குத்தாமல், நூலுக்கும் நூலுக்கும் இடையே விலக்கிக்கொண்டு இறங்க வேண்டும். தைக்கத் தைக்க முனை தேய்ந்தோ மடங்கியோ போனால், விலக்குவதற்குப் பதிலாக நூலை அறுத்துவிடும். தைத்த உடனே கண்ணுக்குத் தெரியாது. தையலின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மெல்ல இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால், பொட்டுப் பொட்டாக ஓட்டை தெரியும். சில பீஸில் துவைத்த பிறகுதான் தெரியும். ஓட்டை ரிப்பில் இருந்தால் ரிப்பைப் பிரித்து வேறு ரிப் வைத்துத் தைக்கலாம். உடம்புத் துணியில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, பீஸ் செகண்ட்ஸுக்குப் போய்விடும்.

இதற்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: “டெய்லருக கவனமாத் தைக்கறதில்லை.” கழுத்து வைக்கிற மெஷினில் இருந்த அக்காவிடம் ஊசியை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டேன். “ஒடைஞ்சா மாத்துவேன் கண்ணு,” என்றார். தேய்ந்தால் ஏன் மாற்றுவதில்லை என்பதற்கு அவர் சொன்ன பதில்தான் எல்லாவற்றையும் விளக்கியது. “ஊசி வாங்கப் போனா கால் மணி நேரம் போயிருது. பத்து பீஸ் போச்சு. அதுக்கு மேல, அதுக்குள்ள என்னத்துக்கு ஊசின்னு ஒரு பேச்சு வேற கேக்கோணும்.”

ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஊசிக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. உடைந்த ஊசித் துண்டு துணிக்குள் போய்விட்டால் அதை உடுத்துகிறவர் உடம்பில் குத்தும். அதனால் பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதிய ஊசி. உடைந்திருந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்ட வேண்டும். இந்த விதி சரியானதுதான், அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் அந்த விதியை நிறைவேற்றுகிற நடை முழுவதும் டெய்லரின் காலில் விழுந்தது. எழுந்து போவதும், நோட்டில் எழுதும்வரை நிற்பதும், அந்த நேரத்தில் போகும் பீஸும் அவள் கணக்கு. தேய்ந்த ஊசியோடு தைத்துக்கொண்டே இருப்பது அன்றைய கூலிக்கு லாபம். அவள் இடத்தில் யார் உட்கார்ந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

காரணம் தெரிந்தவுடன் மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். “டெய்லருக ஊசி மாத்தறதில்லைங்க சார்” என்ற ஒரு வரி, மறுநாள் காலையில் அந்த அக்காவுக்குத் திட்டாக வந்து சேரும். பிரச்சினையை எழுதும்போது அதில் ஆளின் பெயர் வரக்கூடாது என்று முதலில் முடிவுசெய்தோம். எந்த வேலையில், எத்தனை பீஸில், எத்தனை நாளில் என்பது மட்டும் வர வேண்டும்.

அதற்கு எண்ண வேண்டியிருந்தது. தினசரி அறிக்கையில் மொத்த ஆல்டர் எத்தனை என்று ஓர் எண் மட்டும் இருக்கும். ஓபன், கறை, ஊசி ஓட்டை எல்லாம் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கும். செக்கிங் மேசையில் இருந்த நாங்கள் நான்கு பெண்களும் ஆறு வேலை நாட்கள், கழுத்து ஊசி ஓட்டைக்கு மட்டும் தனியாகக் கோடு போட்டு வைத்தோம். அதையும் ரிப், உடம்பு என்று இரண்டாகப் பிரித்தோம். ஒரே ஸ்டைல் ஓடிய மூன்றாம் லைன், நான்காம் லைன் இரண்டுக்கும் எண்ணினோம். மூன்றாம் லைனில் 4,200 பீஸுக்கு 63 ஓட்டை. நான்காம் லைனில் ஏறக்குறைய அதே அளவு பீஸுக்கு 60. இரண்டு லைனும் ஒன்றுபோல் இருந்தது பின்னால் மிகவும் உதவியது.

அடுத்தது செலவு. மூன்றாம் லைனின் 63 பீஸில் 42-ல் ஓட்டை உடம்புத் துணியில். அவை செகண்ட்ஸ். பீஸின் அடக்க விலை 150 ரூபாய் என்றும், செகண்ட்ஸ் 40 ரூபாய்க்குப் போகிறது என்றும் கணக்குப் பிரிவில் இருந்த தோழி சொன்னாள். பீஸுக்கு 110 ரூபாய் நட்டம், ஆறு நாளில் 4,620 ரூபாய். ஒரு லைனின் ஒரு வாரக் கணக்கு இது. வருடத்துக்குப் பெருக்கி, எல்லா லைனுக்கும் பெருக்கி லட்சங்களில் எழுத ஆசையாக இருக்கும். எழுதவில்லை. ஸ்டைல் மாறும், துணி மாறும், சீசன் மாறும். பெருக்கிய எண்ணை மேனேஜர் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். எண்ணிய எண்ணை உடைக்க அவரும் வந்து எண்ண வேண்டும்.

மீதி 21 பீஸ் ரிப் மாற்றித் தைத்தவை. ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 210 நிமிடம், மூன்றரை மணி நேரம். கம்பெனிக் கணக்கில் இதற்கு ரூபாய் இல்லை, ஏனென்றால் யாருக்கும் கொடுக்கவில்லை. இந்த வரியைத் தாளில் போடுவதா, விடுவதா என்று எங்களுக்குள் பெரிய பேச்சு நடந்தது. போட்டால் ‘கூலி கேட்கிறார்கள்’ என்று யோசனை முழுவதையும் தள்ளிவிடுவார் என்று ஒருத்தி சொன்னாள். விட்டால், அந்த மூன்றரை மணி நேரம் நடக்கவே இல்லை என்று நாங்களே கையெழுத்துப் போட்டதாகும் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் ரூபாய் போடாமல் நேரமாக எழுதினோம்: “ரிப் மாற்றியது: 21 பீஸ், மூன்றரை மணி நேரம், கூலி இல்லாமல்.”

அந்த வரி வெறும் நியாயத்துக்காகப் போட்டது அல்ல. கணக்கில் எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து யோசனையின் மதிப்பே மாறும். பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டதைப் பற்றி அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நியாஷாதம் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்து எழுதிய கட்டுரை 2020-ல் வெளிவந்தது. அது மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற ஏற்பாடு. ஆனால் எல்.இ.டி. குறைவாகச் சூடாகும். தைக்கிற இடத்தில் வெக்கை தணிந்தது, வெயில் நாட்களில் உற்பத்தி விழுவது குறைந்தது. அந்த ஆதாயத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, போட்ட பணம் திரும்பி வருகிற காலம் மிகவும் சுருங்கியது. மெஷினில் உட்கார்ந்திருக்கும் உடம்பு என்ன படுகிறது என்ற கணக்கு, மின்சாரக் கட்டணத்தில் தெரியாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது, சோதனை. “எல்லா லைனிலும் ஊசி மாத்துங்க சார்” என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்வது எளிது. ஆறு நாள், ஒரு லைன், இரண்டு மெஷின் என்று கேட்டால் வேண்டாம் என்பதற்குக் காரணம் தேட வேண்டும். நாங்கள் எழுதியது இதுதான். மூன்றாம் லைனில் கழுத்து வைக்கும் ஓவர்லாக் இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஊசி. தினமும் காலையில் ஷிப்ட் மணி அடிக்கும் முன்பு மெக்கானிக் நான்கு ஊசியையும் மாற்றிவிட வேண்டும். பழைய ஊசி நான்கும் எண்ணி வாங்கி நோட்டில் ஏற வேண்டும், விதி அப்படியே இருக்கும். டெய்லர் எழ வேண்டியதில்லை. ஊசி ஒன்று 20 ரூபாய், நாளைக்கு 80, ஆறு நாளைக்கு 480 ரூபாய். நான்காம் லைன் வழக்கம்போல் ஓடும். இரண்டு லைனுக்கும் ஒரே துணி லாட் வர வேண்டும். செக்கிங் மேசையில் முன்பு எண்ணியவர்களே, முன்பு எண்ணிய விதத்திலேயே எண்ணுவோம். சரி என்று தள்ளிய பீஸிலும் தினம் ஐந்தை எடுத்துத் துவைத்து இழுத்துப் பார்ப்போம்.

கடைசியில் இரண்டு வரி சேர்த்தோம். மூன்றாம் லைன் உற்பத்தி இரண்டு நாள் தொடர்ந்து 20 பீஸுக்கு மேல் குறைந்தால் சோதனையை நிறுத்திவிடலாம். சோதனையில் வருகிற எண்களை வைத்து எந்த டெய்லரையும் கேள்வி கேட்கக் கூடாது. முதல் வரி மேனேஜருக்குத் தைரியம் தர, இரண்டாவது டெய்லருக்குத் தைரியம் தர. இந்த இரண்டாவது வரி இல்லையென்றால் அடுத்த முறை யாரும் எண்ண விடமாட்டார்கள். கோடு போடுகிற கையைப் பார்த்தாலே பீஸை ஒளித்துவைப்பார்கள்.

எப்போது கொடுப்பது என்பதும் யோசனையில் ஒரு பகுதி. ஷிப்மெண்ட் நெருக்கத்தில் கொடுத்தால் படிக்கவே மாட்டார்கள். சித்திரையில் அவிநாசித் தேர் வருகிற வாரம் சோதனை வைத்தால், பாதி லைன் காலியாக இருக்கும், எண்கள் எதையும் சொல்லாது. தேர் முடிந்து, ஆட்கள் திரும்பி, புதிய ஆர்டர் ஓடத் தொடங்கிய பிறகு கொடுத்தோம். ஃப்ளோர் சூப்பர்வைசருக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன். தன்னைத் தாண்டிப் போனதாக அவர் நினைத்துவிட்டால், சோதனை நடக்கிற ஆறு நாளும் அவர் கையில்தான் இருக்கிறது.

எங்கே கொடுப்பது என்பது பெண்களுக்கு மட்டும் வருகிற கேள்வி. மேனேஜர் அறையில் கதவு மூடிப் பத்து நிமிடம் பேசினால், அந்தப் பத்து நிமிடத்துக்கு வெளியே வேறு கதை ஓடும். பதினோரு மணி டீ நேரத்தில், செக்கிங் மேசையிலேயே, எங்களில் இன்னொருத்தியும் உடன் நிற்க, ஓட்டை விழுந்த பீஸையும் தேய்ந்த ஊசியையும் வைத்துக்கொண்டு பேசினேன். ஊசி முனையை நகத்தின் மேல் மெல்ல இழுத்தால், நல்ல ஊசி வழுக்கும், கெட்ட ஊசி கீறும். அதை அவர் நகத்திலேயே இழுத்துப் பார்க்கச் சொன்னேன்.

“ஏம்மா, ஊசி என்ன சும்மாவா வருது?”

“இல்லைங்க சார். ஆறு நாளைக்கு நானூத்தி எம்பது ரூபாய்ங்க. இப்பப் போறது நாலாயிரத்து அறநூத்தி இருவதுங்க. தாள்ல இருக்குதுங்க.”

“இதெல்லாம் டெய்லர் கவனிக்க வேண்டியது.”

“அவங்க எந்திரிச்சுப் போற நேரத்துல பத்து பீஸ் ஓடுமுங்க சார். மெக்கானிக் அண்ணன் மணிக்கு முன்னாடியே மாத்திட்டா அந்த பத்து பீஸும் நமக்குத்தானுங்க.”

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்துக்கு மேல் எழுதவில்லை. கீழே தேதியும் எங்கள் நான்கு பேர் பெயரும் கையெழுத்தும் இருந்தன. “சரி, ஆறு நாள் பாருங்க,” என்றார்.

திருப்பூர் முதலாளிகளில் பலர் “நானும் மெஷின்ல உக்காந்தவன்தான்” என்று பெருமையாகச் சொல்வார்கள். ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட தன் ஆய்வு நூலில், விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளிகளாக வந்து முதலாளிகளான கவுண்டர் ஆண்களின் இந்தக் கதையைத்தான் விரிவாகப் பார்க்கிறார். அந்த நூலின் தலைப்பே சகோதர மூலதனம் என்ற பொருள் தருவது. மெஷினில் உட்கார்ந்திருந்த ஓர் ஆண் “இதை இப்படிச் செய்யலாமுங்க” என்றால், பையன் நாளைக்குத் தனியாகப் பவர் டேபிள் போட்டுவிடுவான் என்று பார்த்தார்கள். அதே மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் அதையே சொன்னால் அது குறை சொல்வதாகக் காதில் விழுகிறது. எண், செலவு, சோதனை என்று தாளில் எழுதிக் கொடுப்பதால் அந்தக் காது மாறிவிடாது. ஆனால் குரலை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் வருகிறது. பெயரும் தேதியும் இருப்பதால், ஆறு மாதம் கழித்து அது வேறு யாருடைய யோசனையாகவும் மாறுவதில்லை.

சோதனையின் முதல் மூன்று நாள் நன்றாகப் போயிற்று. நான்காம் நாள் மூன்றாம் லைனில் மட்டும் ஒன்பது பீஸில் ஓட்டை. புது ஊசி போட்டும் ஓட்டை வருகிறதே என்று சூப்பர்வைசர் சிரித்தார். நான்காம் லைன் கோடுகளை எண்ணினோம். அங்கே இருபது. அன்று காலைதான் புது சாய லாட் இறங்கியிருந்தது. துணி கையில் வறவறவென்று இருந்தது. சாயப்பட்டறையில் சாஃப்ட்னர் சரியாக ஏறாத துணியில் நூல் வழுக்கிக்கொடுக்காது. எவ்வளவு நல்ல ஊசியும் அறுக்கும். நான்காம் லைனை எண்ணாமல் விட்டிருந்தால், அந்த ஒரு நாள் எங்கள் யோசனையைக் கொன்றிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு லைனை வழக்கம்போல் ஓடவிடுவது எதற்கு என்று எங்கள் மேசையில் எல்லோருக்கும் அன்று புரிந்தது.

ஆறு நாள் முடிவில் மூன்றாம் லைனில் 4,180 பீஸுக்கு 19 ஓட்டை. நான்காம் லைனில் 4,210 பீஸுக்கு 58. துணி கெட்டிருந்த நாளை நீக்கினால் 10-க்கு 38. செகண்ட்ஸுக்குப் போனது மூன்றாம் லைனில் 13, நான்காம் லைனில் 39. நட்டம் 1,430 ரூபாய், 4,290 ரூபாய். வித்தியாசமான 2,860-லிருந்து ஊசிச் செலவு 480-ஐக் கழித்தால், ஒரு லைனுக்கு ஒரு வாரத்தில் 2,380 ரூபாய் மிச்சம். உற்பத்தி குறையவில்லை. கூலியில்லாமல் ரிப் மாற்றிய நேரம் மூன்றாம் லைனில் ஒரு மணி, நான்காம் லைனில் மூன்று மணி பத்து நிமிடம். அறிக்கையின் அடியில் ஒரு வரம்பும் எழுதினோம்: இது ஒரு ஸ்டைல், ஒரு வகை சிங்கிள் ஜெர்சி. லைக்ரா கலந்த துணிக்கோ வேறு வேலைக்கோ இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, அங்கே தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரத்திலிருந்து கழுத்து வைக்கும் எல்லா மெஷினுக்கும் காலையில் ஊசி மாறியது. ஆல்டர் நோட்டில் ‘டெய்லர்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘ஊசி’, ‘துணி’, ‘மெஷின்’ என்று மூன்று கட்டம் கூடின. துணியால் வருகிற ஆல்டருக்கு டெய்லருக்கு நேரக் கூலி கொடுக்கவும் மேனேஜர் ஒத்துக்கொண்டார், சாயப்பட்டறையிடம் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால். ஊசியாலும் மெஷினாலும் வருகிறதற்குக் கேட்டோம். அது முடியாது என்றார். அந்த வரி இன்னும் நேரமாகத்தான் எழுதப்படுகிறது, ரூபாயாக மாறவில்லை.

ஆனால் எழுதப்படுகிறது. வாரக் கடைசியில் கூட்டிப் போட வேண்டிய ஓர் எண்ணாக அது இப்போது நோட்டில் இருக்கிறது. கழுத்து வைக்கிற அக்கா சனிக்கிழமை எங்கள் மேசைக்கு வந்து கேட்கிற முதல் கேள்வி அதுதான்: “இந்த வாரம் எத்தனை மணி கண்ணு?”